டிபிஓ 49 நாள், பில்லுக்கு 40 ரூபாய்: இந்த இரண்டு எண்ணை வைத்து ஆளைக் குறைக்கலாமா?

நெல்மணி கணக்கு (அம்பாசமுத்திரம்) | 5 ஏப்ரல் 2025

அரிசி ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். கொள்முதல் பில்களைச் சரிபார்ப்பது, டாலியில் ஏற்றுவது, பணம் அனுப்புவது எல்லாம் எங்கள் மேசையில்தான். ஆண்டுக் கணக்கு முடிந்ததும் முதலாளி இரண்டு எண் கேட்டார். ஒரு பில்லைக் கையாள எவ்வளவு செலவாகிறது, சப்ளையருக்குச் சராசரியாக எத்தனை நாள் கழித்துக் கொடுக்கிறோம்.

முதல் எண். முழுநேரம் ஓர் ஆள், அரைநேரம் ஓர் ஆள், என் நேரத்தில் கால் பங்கு. சம்பளம், பிஎஃப், போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் 43,000. டாலி, நெட், காகிதம், வங்கிக் கட்டணம் என்று 5,000. ஆக 48,000. ஆண்டுக்கு 7,200 பில், மாதச் சராசரி 600. பில்லுக்கு 80 ரூபாய். மார்ச்சில் மட்டும் 1,200 பில் வந்தது, அதனால் 40 ரூபாய்.

இரண்டாவது எண், அதாவது டிபிஓ. மார்ச் 31 அன்று சப்ளையர் பாக்கி 3.20 கோடி. ஆண்டுக் கொள்முதல் 24 கோடி.

```
3.20 / 24 × 365 = 48.7
```

முதலாளிக்கு இரண்டும் பிடித்துப்போயிற்று. "49 நாள் அடுத்தவன் பணத்தில் ஓட்டுகிறோம், நல்லது. மார்ச்சில் 40 ரூபாயில் முடிந்த வேலை மற்ற மாதங்களில் ஏன் 80 ஆகிறது? அரைநேர ஆள் தேவையா?" என்கிறார். அந்தப் பையன் போனால் வேலை நிற்கும் என்று எனக்குத் தெரியும். இந்த எண்களை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. உங்கள் இடங்களில் எப்படி அளக்கிறீர்கள்?

வண்ணாரப்பேட்டை வரவுசெலவு | 5 ஏப்ரல் 2025

அண்ணாச்சி, டிபிஓ கூடினால் நல்லதுதான், அதில் பேச்சே இல்லை. சப்ளையர் பணம் வட்டியில்லாக் கடன். 49 என்பதை 60 ஆக்கப் பாருங்கள். 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று இப்போது ஒரு சட்டம் இருக்கிறது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டை பைக்காரர் | 5 ஏப்ரல் 2025

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். எனக்கு வர வேண்டிய பணம் 80 நாள், 90 நாள் இழுக்கிறது. அரிசி ஆலைகளுக்குப் பை தைத்து, அச்சடித்துக் கொடுக்கிறேன். எனக்கு டிபிஓ 90 என்று வைத்துக்கொள்ளலாமா? அதைக் குறைக்க வழி சொல்லுங்கள்.

கங்கைகொண்டான் கணக்காளர் | 6 ஏப்ரல் 2025

பைக்காரர் அண்ணாச்சி, உங்களுக்கு வர வேண்டியதற்கு வேறு கணக்கு. இங்கே பேசுவது கொடுக்க வேண்டியதைப் பற்றி. ஆனால் உங்கள் 90 நாள் யாரோ ஒரு ஆலையின் டிபிஓவுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதனால் பேச்சில் நீங்கள் இருப்பது நல்லதுதான்.

நெல்மணி, ஒரே கேள்வி. உங்கள் ஆலை மார்ச்சில் எவ்வளவு கொள்முதல் செய்தது? பிசான அறுவடை நெல் மாசி, பங்குனியில்தானே வந்து குவியும். அந்த நேரத்தில் பாக்கியை எடுத்து ஆண்டு முழுவதின் கொள்முதலால் வகுத்தால் நாள் ஊதித்தான் தெரியும். அறுவடைக் காலப் பாக்கி மேலே, வெறும் மாதங்களையும் சேர்த்த சராசரி கீழே.

நெல்மணி கணக்கு | 6 ஏப்ரல் 2025

மார்ச் கொள்முதல் 4.96 கோடி அக்கா. 31 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 16 லட்சம்.

கங்கைகொண்டான் கணக்காளர் | 6 ஏப்ரல் 2025

அப்படியானால் 3.20 கோடி பாக்கி என்பது கடைசி 20 நாள் வாங்கிய சரக்கின் பணம். ஆண்டு முடிவிலிருந்து பின்னோக்கி, அந்தந்த மாதக் கொள்முதலைக் கழித்துக்கொண்டே வந்து பாக்கி எங்கே தீர்கிறது என்று பார்ப்பதுதான் பருவத் தொழிலுக்குப் பொருந்தும். உங்களுக்கு மார்ச்சுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. 49 என்ற எண்ணை முதலாளி எங்கும் சொல்லிக்கொள்ள வேண்டாம். இதே ஆலை ஆகஸ்ட் 31 அன்று அதே சூத்திரத்தைப் போட்டால் 15 வந்தாலும் வரும். இடையில் யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. நெல்லையும் மற்றதையும் பிரித்துப் போடுங்கள். பிரிக்காத டிபிஓவால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

நெல்மணி கணக்கு | 8 ஏப்ரல் 2025

பிரித்தேன். பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

ஆண்டுக் கொள்முதல் 24 கோடியில் நெல் 20.40 கோடி. மீதி 3.60 கோடியில்தான் பை, சணல் சாக்கு, லாரி வாடகை, உமி நீக்கும் இயந்திரத்தின் ரப்பர் ரோல், பெல்ட், பேரிங், மோட்டார் காயில் கட்டும் கூலி எல்லாம்.

மார்ச் 31 பாக்கியில் நெல்லுக்கு 2.40 கோடி. மார்ச்சில் நாளொன்றுக்கு 15 லட்சத்துக்கு நெல் வாங்கியிருக்கிறோம். ஆக 16 நாள். விவசாயிக்கு ஒரு வாரத்தில் போய்விடும், தரகர் மூலம் வந்தால் மூன்று வாரம். 16 என்பது நான் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

மற்றவற்றுக்குப் பாக்கி 80 லட்சம். இது பருவம் பார்க்காத செலவு, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். ஆக 80 நாள்.

49 என்ற எண்ணுக்குள் மூன்று வாரத்தில் பணம் வாங்கும் தரகரும் இருக்கிறார், 80 நாள் காத்திருக்கும் பைக்காரரும் இருக்கிறார். 49 நாளில் பணம் வாங்கும் ஒருவர்கூட எங்கள் பட்டியலில் இல்லை.

பேட்டை பைக்காரர் | 8 ஏப்ரல் 2025

நான் சொன்ன 80 நாள் இதுதான். உங்கள் ஆலைக்கு நான் சரக்கு தருவதில்லை, ஆனால் எல்லா ஆலையிலும் இதே கதைதான். போன் போட்டால் "பில் முதலாளி மேசையில் இருக்கு" என்பார்கள். என்ன குறை என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

வண்ணாரப்பேட்டை வரவுசெலவு | 8 ஏப்ரல் 2025

80 நாள் என்றால் வருமான வரிச் சட்டம் 43பி(எச்)-இல் மாட்டுவீர்கள் அண்ணாச்சி. 45 நாளுக்கு மேல் போன எல்லாப் பாக்கியும் செலவாக ஏற்கப்படாது. 80 லட்சத்துக்கும் வரி.

கங்கைகொண்டான் கணக்காளர் | 9 ஏப்ரல் 2025

அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொன்னதில் மூன்று இடம் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒன்று, எல்லாப் பாக்கிக்கும் அது பொருந்தாது. உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு, அதுவும் உற்பத்தி அல்லது சேவை செய்பவர்களுக்குத்தான். பை தைப்பவர் வருவார், காயில் கட்டுபவர் பதிந்திருந்தால் வருவார். பேரிங்கை வாங்கி விற்கும் கடை வராது, ஏனென்றால் வியாபாரிகளுக்கு அந்தப் பதிவு வங்கிக் கடன் சலுகைக்கு மட்டும். நடுத்தர நிறுவனமும் வராது. இந்த ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவன வரம்பு விற்றுமுதலில் 100 கோடியாக உயர்ந்திருக்கிறது, அதனால் போன வருடம் வெளியே இருந்த சிலர் இப்போது உள்ளே வந்திருப்பார்கள். எல்லா சப்ளையரிடமும் பதிவுச் சான்றைப் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு, 45 நாள் என்பது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான். வாய்ப்பேச்சில் வாங்குவதற்கு 15 நாள். நம் பக்கம் பைக்காரரோடு எழுதி வைத்துக்கொண்டு எத்தனை பேர் வாங்குகிறார்கள்?

மூன்று, அந்தச் செலவு அழிந்துபோவதில்லை. கெடு தாண்டி, ஆண்டு முடிவிலும் கொடுக்காமல் நின்றால் அந்த ஆண்டு கழிக்க முடியாது, கொடுக்கும் ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். டிசம்பர் பில்லைத் தாமதமாக மார்ச் 28 அன்று கொடுத்திருந்தால் அதே ஆண்டில் கழிக்கலாம். வரி முன்னதாகப் போகிறது, அவ்வளவுதான்.

நிஜமாகக் கையைவிட்டுப் போவது வட்டி. சிறு நிறுவனச் சட்டப்படி வங்கி வீதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இன்றைக்கு, 2025 ஏப்ரல் 9 அன்று, ரிசர்வ் வங்கி அந்த வீதத்தை 6.25 ஆக்கியிருக்கிறது, மூன்று மடங்கு 18.75 சதவீதம். அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று சப்ளையர் கேட்பதில்லை. கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது.

பேட்டை பைக்காரர் | 9 ஏப்ரல் 2025

கேட்டால் ஆர்டர் போய்விடும் என்பது சத்தியமான வார்த்தை.

நெல்மணி கணக்கு | 11 ஏப்ரல் 2025

உத்யம் சான்று கேட்டு எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். இதற்கிடையில் பில் செலவுப் பக்கம் வருகிறேன்.

மார்ச் 1,200 பில்லை இன்று வகை பிரித்தேன். 700-க்கு மேல் நெல் கொள்முதல் சீட்டு. நெல் சீட்டில் எடைமேடை எண், மூட்டை, ஈரப்பதக் கழிவு, விலை, வங்கிக் கணக்கு இவ்வளவுதான். ஜிஎஸ்டி கிடையாது, ஆர்டரோடு ஒப்பிட வேண்டியதில்லை, விலை அன்று காலையே முடிவாகிவிடும். பழகிய கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். சம்பளம் மாறவில்லை, லேசான சீட்டுகள் வந்து குவிந்தன, வகுத்தால் 40 வருகிறது. அதை வேகம் என்று முதலாளி நினைத்துவிட்டார்.

எங்கள் இரண்டு அளவும் வேறு வேறு காகிதக் கட்டுகளைப் பார்க்கின்றன என்பது இப்போதுதான் புரிகிறது. டிபிஓ ரூபாயை எண்ணுகிறது, அதனால் நெல் பக்கம் சாய்கிறது. பில் செலவு காகிதத்தை எண்ணுகிறது, அதனால் வருடம் முழுக்கப் பார்த்தால் 800 ரூபாய் பேரிங் பில்லின் பக்கம் சாய்கிறது. நடுவில் 80 நாள் நிற்கும் பை பில் இரண்டிலும் தெரியாமல் போய்விடுகிறது.

ஆலங்குளம் டாலி தம்பி | 11 ஏப்ரல் 2025

அண்ணாச்சி, நெல் சீட்டைப் பில்லாகவே எண்ணக்கூடாது என்பது என் கருத்து. விவசாயி பில் தருவதில்லை, நாமே எழுதுகிறோம். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கங்கைகொண்டான் கணக்காளர் | 12 ஏப்ரல் 2025

எழுதுகிற வேலை, பணம் அனுப்புகிற வேலை இருக்கிறதே தம்பி. எடுத்துவிட்டால் அதற்கான சம்பளத்தையும் எடுக்க வேண்டும். தனியாக எண்ணலாம், விட்டுவிட முடியாது.

நெல்மணி, ஒரு யோசனை. ஒரு மாதம் மட்டும் நேரத்தைக் குறித்து வையுங்கள். தடையில்லாமல் போன பில், தடைபட்டு நின்ற பில் என்று இரண்டாகப் பிரித்து. நாங்கள் சிப்காட்டில் செய்து பார்த்தோம், சராசரிக்குள் ஒளிந்திருந்தது வெளியே வந்தது. மார்ச், ஏப்ரல் வேண்டாம், அறுவடை ஓய்ந்த மாதமாக எடுங்கள்.

நெல்மணி கணக்கு | 12 ஏப்ரல் 2025

மே மாதம் செய்கிறேன்.

நெல்மணி கணக்கு | 3 ஜூன் 2025

மே கணக்கு முடிந்தது. பில்லின் பின்பக்கம் பென்சிலால் நிமிடம் குறிக்கச் சொன்னேன். பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள், இரண்டாம் வாரம் அவர்களே ஆர்வமாகக் குறித்தார்கள்.

மொத்தம் 600 பில். 450 தடையில்லாமல் போனது, ஒவ்வொன்றுக்கும் சராசரி 16 நிமிடம். கேட் பதிவோடு ஒத்துப் பார்ப்பது, விலை பார்ப்பது, டாலியில் ஏற்றுவது, பணம் அனுப்புவது, கோப்பில் போடுவது எல்லாம் சேர்த்து. 150 பில் எங்காவது ஓரிடத்தில் நின்றது. அவற்றுக்குச் சராசரி 80 நிமிடம்.

```
450 × 16 நிமிடம் = 120 மணி
150 × 80 நிமிடம் = 200 மணி
48,000 / 320 மணி = மணிக்கு 150 ரூபாய்
```

ஓடுகிற பில்லுக்கு 40 ரூபாய், நிற்கிற பில்லுக்கு 200 ரூபாய். 80 ரூபாய்க்கு எந்தப் பில்லும் இல்லை. நாலில் ஒரு பங்கு பில் எங்கள் நேரத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் தின்கிறது. அரைநேரப் பையன் முழுக்க அந்த 150 பில்லின் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனை எடுத்தால் அந்தப் பில்கள் இன்னும் அதிக நாள் நிற்கும், அவ்வளவுதான் நடக்கும்.

அப்புறம் ஒன்று செய்தேன். நின்ற 150 பில்லையும், 80 நாள் பாக்கிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெரும்பாலும் அதே சப்ளையர்கள், அதே வகைப் பில்கள். எங்கள் 80 நாள் யாரும் பேசி வாங்கிய தவணை அல்ல. பில் நின்றதால் பணம் நின்றது. இவ்வளவு காலம் அதை நிதித் திறமை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வண்ணாரப்பேட்டை வரவுசெலவு | 3 ஜூன் 2025

இது யோசிக்க வைக்கிறது. ஆனால் எப்படி நின்றாலும் பணம் கையில்தானே இருந்தது?

ஆலங்குளம் டாலி தம்பி | 3 ஜூன் 2025

எதனால் நிற்கிறது அண்ணாச்சி? அதைச் சொல்லுங்கள்.

நெல்மணி கணக்கு | 4 ஜூன் 2025

மூன்று காரணம்தான் பெரியது.

பை பில். ஆர்டர் போனில் போகிறது. பேச்சில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. அச்சு நிறம் கூடினால் பைக்கு 40 காசு கூடும் என்று பைக்காரர் சொல்லியிருப்பார், ஆலை மேலாளர் தலையாட்டியிருப்பார், எங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பில் முதலாளி மேசைக்குப் போகும். அவர் வாரத்தில் ஒருநாள் பார்ப்பார்.

லாரி வாடகை. எடைமேடைச் சீட்டு பில்லோடு பின் அடித்து வர வேண்டும். மே மாதம் ஒரு பில் என் மேசையில் இருந்தது. சீட்டு இருக்கிறது, ஆனால் வெயிலில் டிரைவர் முன்கண்ணாடியில் செருகி வைத்ததில் அச்சு வெளுத்து எடை படிக்க முடியவில்லை. எடைமேடையில் நகல் எடுக்கப் பையன் சைக்கிளில் போனான். அங்கே உள்ள நோட்டில் லாரி எண்ணின் கடைசி இலக்கம் தப்பாக இருந்தது. அந்த ஒரு 6,200 ரூபாய் பில் மூன்று பேர் கையைத் தொட்டது.

மூன்றாவது ஜிஎஸ்டி. சப்ளையர் அவர் ரிட்டனில் ஏற்றவில்லை என்றால் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் எங்களுக்கு வரும் 2பி பட்டியலில் வராது. வராத பில்லுக்கு வரித் தொகையைப் பிடித்து வைப்பது எங்கள் வழக்கம். வரியை மட்டும் பிடிப்பதற்குப் பதில் முழுப் பில்லையும் பிடித்துவிடுகிறோம், அதுதான் தவறு.

கங்கைகொண்டான் கணக்காளர் | 4 ஜூன் 2025

முதல் காரணத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். சரக்கு இறங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை சொல்லாவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். கெடு அன்றிலிருந்து ஓடும். முதலாளி பில்லின் மேல் "ரேட் பார்" என்று பென்சிலில் எழுதி ஓரமாக வைப்பது ஆட்சேபணை ஆகாது. அன்றைக்கே பைக்காரருக்கு ஒரு மெயில் போட்டால்தான் ஆகும்.

வண்ணாரப்பேட்டை சொல்வதற்கும் பதில். பணம் கையில் இருந்தது உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் நிற்கிற பில் டிபிஓவைக் கூட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் பழைய இடத்தில் நிற்கிற பில்லைக் கணக்கில் ஏற்றவே மாட்டார்கள், பிரச்சினை தீர்ந்த பிறகுதான் ஏற்றுவார்கள். ஏற்றாத பில் பாக்கியில் வராது. அதனால் டிபிஓ 30 என்று காட்டியது, சப்ளையர் 75 நாள் காத்திருந்தார். நெல்மணி இடத்தில் வந்ததும் ஏற்றுவதால் குறைந்தபட்சம் உண்மை தெரிகிறது. டிபிஓ பார்க்கும் முன்னால், சரக்கு வந்து பில் ஏறாதது எவ்வளவு என்று கேட் நோட்டைப் பார்க்க வேண்டும்.

பேட்டை பைக்காரர் | 5 ஜூன் 2025

நிற நிறமாக விலை எழுதி ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். என் பக்கத்தில் ஒரு வாய்ப்பும் சொல்கிறேன். ஏழு நாளில் பணம் வந்தால் 2 சதவீதம் தள்ளித் தரத் தயார். நான் நூல்பைத் துணிக்குப் பணம் கட்டினால்தான் சரக்கு எடுக்க முடியும். வெளியே வட்டிக்கு வாங்குவதைவிட இது எனக்கு லாபம். மற்ற பைக்காரர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

நெல்மணி கணக்கு | 7 ஜூன் 2025

அண்ணாச்சி சொன்னதை எங்கள் பைக்காரரிடம் கேட்டேன். சரி என்றார். கணக்கு இப்படி வருகிறது. மாதம் 10 லட்சத்துக்குப் பை வாங்குகிறோம். 2 சதவீதம் 20,000 ரூபாய். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு 45ஆம் நாள் கொடுப்பதற்குப் பதில் 7ஆம் நாள் கொடுத்தால் 38 நாள் முன்னதாகப் பணம் போகிறது. வங்கியில் நாங்கள் எடுக்கும் சிசி கடனுக்கு வட்டி 10.5 சதவீதம். 10 லட்சத்துக்கு 38 நாள் வட்டி 11,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மாதம் 9,000 ரூபாய் மிச்சம்.

வட்டியில்லாக் கடன் என்று வண்ணாரப்பேட்டை முதலில் சொன்னதை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பைக்காரர் தாமதத்தை விலையில் ஏற்றித்தான் வைத்திருக்கிறார் என்பது இந்த 2 சதவீதத்தில் தெரிகிறது.

வண்ணாரப்பேட்டை வரவுசெலவு | 7 ஜூன் 2025

சிசி முழுக்க எடுத்துத் தீர்ந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது அண்ணாச்சி. பிசானத்தில் ஆலைகளுக்குக் கையில் ஒரு ரூபாய் இருக்காது. வரம்பு இல்லாதவனுக்கு 10.5 சதவீதம் என்ற விலையே கிடையாது.

நெல்மணி கணக்கு | 7 ஜூன் 2025

அது சரிதான். பிப்ரவரி, மார்ச்சில் ஏழு நாள் முடியாது. அந்த இரண்டு மாதம் 45 நாள், மற்ற மாதங்களில் ஏழு நாள் என்று பேசிப் பார்க்கிறேன்.

ஆலங்குளம் டாலி தம்பி | 10 ஜூன் 2025

பேரிங், ரப்பர் ரோல் கடைக்குத் தினம் ஒரு பில் வருகிறதல்லவா, வாரத்துக்கு ஒரு பில்லாக வாங்கலாமே? எங்கள் அண்ணன் கடையில் அப்படித்தான் செய்தோம்.

நெல்மணி கணக்கு | 2 ஜூலை 2025

தம்பி சொன்னதை ஜூனில் செய்தோம். உதிரிபாகக் கடைகளின் 100 பில் 20 வாரப் பில்லாகச் சுருங்கியது. வாரப் பில்லுக்கு 25 நிமிடம் ஆகிறது, வரிகள் அதிகம் என்பதால். முன்பு 1,600 நிமிடம், இப்போது 500. மாதம் 18 மணி நேரம் மிச்சம்.

ஆனால் அளவைப் பாருங்கள். பில் 600 என்பது 520 ஆயிற்று. சம்பளம் அதேதான். 48,000 வகுத்தல் 520, பில்லுக்கு 92 ரூபாய். வேலை குறைந்திருக்கிறது, எண் மோசமாகியிருக்கிறது. முதலாளி அந்த 92-ஐத்தான் முதலில் பார்த்தார். 48,000 என்ற மொத்தத்தையும், நின்ற பில் எத்தனை என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்து விளக்க வேண்டியிருந்தது.

நின்ற பில் 150-லிருந்து 65-க்கு வந்திருக்கிறது. பை விலைத் தாள் ஒன்று கையெழுத்தாகி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. 2பி-யில் வராதவற்றுக்கு வரியை மட்டும் பிடித்து மீதியைக் கொடுத்துவிடுகிறோம். எடைமேடைச் சீட்டை டிரைவர் அங்கேயே போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டோம், பாதிப் பேர் அனுப்புகிறார்கள்.

நெல் அல்லாத பாக்கி 80 லட்சத்திலிருந்து 52 லட்சம். அதாவது 52 நாள். 28 லட்சம் வெளியே போயிருக்கிறது, சிசியில் அதற்கு மாத வட்டி 24,500 ரூபாய். "பில் செலவும் ஏறியது, டிபிஓவும் இறங்கியது, இரண்டும் கெட்டுவிட்டதே" என்கிறார் முதலாளி. 24,500 உண்மையான செலவு, அதை நான் மறைக்கவில்லை. எதிர்ப்பக்கம் பையில் வரும் 20,000 தள்ளுபடியைக் காட்டினேன். பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு மார்ச்சில் கெடு தாண்டி நின்ற 30 லட்சத்தையும் காட்டினேன். அதற்குக் கம்பெனி வரி 25 சதவீதம் என்றாலும் ஏழரை லட்சம் ஓர் ஆண்டு முன்னதாகக் கட்ட வேண்டியிருக்கும், வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டிக் கோரிக்கை தலைக்கு மேல் வேறு.

அரைநேரப் பையன் இருக்கிறான். தீபாவளி வரை என்று சொல்லியிருக்கிறார்.

கங்கைகொண்டான் கணக்காளர் | 3 ஜூலை 2025

52-ஐ எங்கே நிறுத்துவது என்று யோசித்தீர்களா? இன்னும் இறங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பேரிங் கடைக்கு 45 நாள் கெடு கிடையாது, அவர் 60 நாள் தவணைக்கு மனதார ஒத்துக்கொண்டால் 60 கொடுக்கலாம். பேசி வாங்கிய நாளை முழுதாகப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒப்புக்கொண்ட நாள் எத்தனை, கொடுத்த நாள் எத்தனை என்று இரண்டு நிரல் போட்டு, வித்தியாசத்தை மட்டும் மாதாமாதம் பாருங்கள். டாலியில் பில்வாரி விவரத்தில் கடன் நாளைச் சரியாக ஏற்றி வைத்தால் கெடு தாண்டியது தானாகத் தெரியும். பெரும்பாலானோர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

நெல்மணி கணக்கு | 3 ஜூலை 2025

காலியாகத்தான் இருந்தது அக்கா. இந்த வாரம் ஏற்றுகிறோம். பைக்கு 7, லாரிக்கு 15, உதிரிபாகக் கடைக்கு 60, தரகருக்கு 21 என்று. காயில் கட்டுபவர்களில் இரண்டு பேர் உத்யம் சான்று அனுப்பினார்கள், எழுத்தில் எதுவும் இல்லை என்பதால் அவர்களுக்கு 15.

ஆலங்குளம் டாலி தம்பி | 3 ஜூலை 2025

அப்படியே நெல் சீட்டுக்கு? நான் சொன்னதை இன்னும் விடவில்லை. அக்டோபரில் கார் நெல் வந்ததும் பில் எண்ணிக்கை ஏறி, பில்லுக்கு 50 என்று வந்து, முதலாளி மறுபடி ஆளைக் குறைக்கச் சொல்லுவார்.

நெல்மணி கணக்கு | 4 ஜூலை 2025

நெல் சீட்டைத் தனி வரியாகப் போடப் போகிறேன் தம்பி. அதன் நேரத்தையும் தனியாகக் குறித்தால்தான் முடியும், மே மாதம் சீட்டு மிகக் குறைவு. கார் அறுவடையில் குறித்துப் பார்க்கிறேன். தரகர் ஒருவர் 30 விவசாயிகளின் நெல்லை ஒரே லாரியில் கொண்டுவந்தால் அது ஒரு சீட்டா, 30 சீட்டா என்பதில் எனக்கும் மேலாளருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. பணம் 30 கணக்குக்குப் போகிறது, அதனால் 30 என்கிறேன் நான். எடைமேடைச் சீட்டு ஒன்றுதான் என்கிறார் அவர்.

கங்கைகொண்டான் கணக்காளர் | 4 ஜூலை 2025

எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் கார் பருவத்தில் எடுத்ததைப் பிசானத்தில் மாற்றாதீர்கள். ஒப்பிட முடியாமல் போய்விடும்.

பேட்டை பைக்காரர் | 6 ஜூலை 2025

15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகும் என்று அக்கா எழுதியதை, எனக்கு 90 நாள் இழுக்கும் இடத்துக்கு மரியாதையாக ஒரு மெயிலாக அனுப்பினேன். ஆர்டர் போகவில்லை. பழைய பில் இரண்டுக்குப் பணம் வந்தது, மூன்றாவதுக்கு "அச்சு மங்கல்" என்று பதில் வந்திருக்கிறது. சரக்கு இறங்கி 70 நாள் ஆயிற்று. இதற்கு என்ன எழுதலாம்?

கங்கைகொண்டான் கணக்காளர் | 6 ஜூலை 2025

இறங்கிய தேதி, அவர்கள் கேட்டில் போட்ட முத்திரையோடு உள்ள டெலிவரி சலான் நகல், இந்த இரண்டையும் இணைத்து, 15 நாளுக்குள் ஆட்சேபணை வரவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள். வட்டியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அச்சு உண்மையிலேயே மங்கலாக இருந்தால் மாதிரிப் பை ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.